கடலில் காணாமற்போனவரின் மனைவியை மணக்க இருப்பவருக்கு

கேள்வி: எனக்கு 41 வயது. மண்டபம் பக்கம் படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். நான் மணக்க விரும்பும் பெண்ணின் கணவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவருக்குப் பதினோரு வயதில் ஒரு மகன் உண்டு. மாமியாரும் அவருடன்தான் இருக்கிறார். என்னை மணக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் படகுகள் கரை திரும்பும் நேரத்தில் இன்னும் வாசலுக்குப் போய் நிற்கிறார், கணவரின் சட்டைகளை எடுக்க விடுவதில்லை. "அவன் வந்துட்டா என்ன செய்வே?" என்று மாமியார் கேட்கிறார். இறப்புச் சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. அவர் முழுவதும் மறந்த பிறகுதான் திருமணம் செய்ய வேண்டுமா?

பதில்: மறப்பதற்காகக் காத்திருந்தால் உங்கள் திருமணம் நடக்காது. கணவரை நோயில் பறிகொடுத்த பெண்ணின் துக்கமும், கடல் கணவரைத் திருப்பித் தராத பெண்ணின் துக்கமும் ஒன்றல்ல. முன்னவருக்கு உடல் உண்டு, சடங்கு உண்டு, ஆண்டுதோறும் வரும் திதி உண்டு; அழுது ஓய ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பின்னவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அமெரிக்கக் குடும்பநல ஆலோசகர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் மனைவியரோடு 1970களில் பணியாற்றியபோது இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைத் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் வீட்டில் இல்லை, ஆனால் இல்லை என்று முடிவாகச் சொல்லவும் வழியில்லை. வாசலில் போய் நிற்பதை உங்கள் மீதுள்ள அன்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விடை கிடைக்காத ஒரு கேள்வியை உடல் பழக்கமாகச் சுமந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தகைய இழப்பில் பெரும்பாலும் தீங்கு செய்வது, "இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்" என்ற வற்புறுத்தல். உறவினர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படி ஒத்துக்கொள்வது, தன் வாயாலேயே கணவரைச் சாகடிப்பது போல அந்தப் பெண்ணுக்குப் படுகிறது. அதனால் காத்திருப்பு இன்னும் இறுகிப்போகிறது. "அவர் திரும்பி வரமாட்டார் என்றே தோன்றுகிறது, வந்தாலும் வரலாம், அதற்காக நம் வாழ்க்கை நிற்க வேண்டியதில்லை" என்று இரண்டையும் ஒருசேரச் சொல்ல அனுமதித்தால் மனம் மெல்லத் தளர்கிறது. பாஸ் அவர்களின் அணுகுமுறையின் சாரமும் இதுதான். இந்த வாக்கியத்தை முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அதைச் சொல்ல அவருக்குத் துணிவு வரும்.

மாமியாரின் கேள்வி குத்தலாகத் தோன்றலாம். ஆனால் அந்த வீட்டில் எல்லோர் மனத்திலும் இருப்பதை வெளியே கேட்டவர் அவர் ஒருவர்தான். அதை ஒருநாள் மூவரும் உட்கார்ந்து நேராகப் பேசுங்கள். "அவர் வந்தால் நான் ஒளிய மாட்டேன், சண்டைக்கும் போக மாட்டேன். எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம், அன்றைக்கு அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி நடப்போம்" என்ற அளவிலான பதில் போதும். அந்தத் தாய் மகனை இன்னும் உயிரோடு எண்ணுகிறார், மருமகள் பாதி நாள் அப்படியும் பாதி நாள் இப்படியும் எண்ணுகிறார், சிறுவனுக்கு அப்பாவின் முகமே நினைவிருக்குமா என்பது ஐயம். ஒரே இழப்பை மூவர் மூன்று விதமாகப் பார்ப்பதில் தவறில்லை. எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவர முயல்வதுதான் வீட்டில் பூசலைக் கிளப்பும்.

பாம்பன் பக்கத்து ஒரு தம்பதியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முதல் கணவர் வாடைக்காற்றுக் காலத்தில் நாட்டுப்படகில் போனவர். உடன் போனவரின் உடல் மூன்றாம் நாள் கரையொதுங்கியது, இவருடையது ஒதுங்கவில்லை. மறுமணம் செய்தவர் பொறுமைசாலி. அப்படிப்பட்டவர், பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பழைய தகரப் பெட்டியைத் திறந்து, மக்கிப்போன சட்டைகள் என்று எண்ணி, ஏழையொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் பதினொரு நாள் அவரிடம் பேசவில்லை. என்னிடம் வந்தபோதும் சட்டையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, அதன் பையில் இருந்த ஐஸ் கம்பெனிச் சீட்டைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசிப் பயணத்துக்கு முந்தின நாள் ஐஸ் வாங்கிய சீட்டு அது. உடல் இல்லாத இடத்தில் அந்தத் தாள்தான் அவர் இருந்தார் என்பதற்குச் சான்றாக இருந்திருக்கிறது.

கணவர் தேடிப்போய் இரண்டு சட்டைகளை மீட்டுக்கொண்டு வந்தார். சீட்டு போனது போனதுதான். அதன்பின் அலமாரியில் ஒரு தட்டை முதல் கணவருக்கென்று ஒதுக்கி, அதை அந்தப் பெண்ணைத் தவிர யாரும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். பூசை இடத்தில் அவர் படத்துக்கு விளக்கு உண்டு, மாலை கிடையாது. மாலை போட்டால் இறந்தவர் என்றாகிவிடும் என்று மாமியார் அழுததால் அதை விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, யாரும் கேட்காமலே, அந்தப் பெண் ஒரு சட்டையைக் கொழுந்தன் மகனுக்குத் தைத்துச் சிறிதாக்கிக் கொடுத்தார். நீங்களும் சட்டைகளை எடுக்கும் பேச்சையே விட்டுவிடுங்கள். எது போகலாம், எது இருக்கட்டும் என்பதை அவர் ஒருவர்தான், அவருடைய வேகத்தில், முடிவு செய்ய வேண்டும்.

நாடெங்கிலுமிருந்து மக்கள் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் வந்து முன்னோருக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதே கடலோரத்தில், கடலில் கணவரைத் தொலைத்த பெண்கள் சிலர் அந்த நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் உங்களவர் முகம் வாடியிருந்தால் காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம். "இன்றைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய்?" என்று முந்தின நாளே கேளுங்கள். தர்ப்பணம் வேண்டாம் என்றால் வேண்டாம். மகனோடு போய்க் கடலில் ஒரு பூ விட்டு வருவதும் போதும்.

உங்கள் தொழிலும் இதில் குறுக்கிடும். எஞ்சின் சோதனைக்காக நீங்கள் படகில் போய்வருவீர்கள் என்று நினைக்கிறேன். போகும்முன் எந்தப் படகு, எப்போது திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கரை வந்ததும் முதல் வேலையாக அழைத்துச் சொல்லுங்கள். தாமதமாகிவிட்டால், "இதுக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாயே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பயம் அவர் வாழ்க்கையில் ஒருமுறை உண்மையாகவே நடந்திருக்கிறது.

அடுத்தது சட்டம். காணாமற்போய் ஏழு ஆண்டு கடந்துவிட்டதால் உங்களுக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. இயல்பாகச் செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டாக ஒருவரைப் பற்றிய செய்தியே இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 111ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108ஆம் பிரிவு. இதை வைத்து, இறந்தவராகக் கருத வேண்டும் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை, அதாவது நீதிமன்றமே அப்படி அறிவிக்கும் தீர்ப்பு, கோரலாம். எப்போது இறந்தார் என்பதை மட்டும் இந்த ஊகம் சொல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் தெளிவாக்கியது. திதி தெரியாத துக்கத்துக்குச் சட்டத்திலும் தேதி இல்லை. மற்றொரு வழி, இந்து திருமணச் சட்டம் 13(1)(vii) பிரிவின்படி, ஏழு ஆண்டாகச் செய்தி இல்லை என்ற காரணத்தில் மணமுறிவு கேட்பது.

வெறுமனே ஏழு ஆண்டு கடந்ததை நம்பித் தாலி கட்டுவது ஆபத்து. இருதார மணக் குற்றத்திலிருந்து அது விலக்குத் தரக்கூடும், அதற்கும் உண்மை நிலையை உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் கணவர் உயிரோடிருந்தால் உங்கள் திருமணம் செல்லாது. இறந்தவர் என்ற விளம்புகைக்கும் இந்த ஓட்டை உண்டு, ஏனென்றால் அதுவும் ஊகம்தான். மணமுறிவு ஆணையில் அந்தச் சிக்கல் இல்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் பழைய மணம் முடிந்ததே, மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் மணக்கலாம். ஆனால் காப்பீடு, படகில் பங்கு, வீடு முதலியவற்றில் கைம்பெண் என்ற உரிமை மணமுறிவு பெற்றவருக்குக் கிடைக்காது. எது பெரிது என்று மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞரிடம் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். கடலோரக் காவல் நிலையத்தில் அப்போது கொடுத்த புகாரும், கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுத்த டோக்கன் விவரமும் எந்த வழிக்கும் தேவைப்படும்.

பெரிய சொத்து எதுவும் இல்லையென்றால் நான் மணமுறிவுப் பக்கமே சாய்கிறேன். மணமுறிவு என்ற சொல் கேட்க உறுத்தும். இறந்துபோயிருக்கக்கூடிய மனிதரை விலக்குவதா என்று பலர் பதறுவார்கள். ஆனால் அந்த மனுவில் யாரும் "இறந்துவிட்டார்" என்று எழுத வேண்டியதில்லை, "செய்தி இல்லை" என்று எழுதினால் போதும். உங்களவரும் மாமியாரும் மனம் ஒப்பிச் சொல்லக்கூடியதும் அதுதான். எதிர்மனுதாரர் இல்லாததால் நீதிமன்றம் நாளிதழில் அறிவிப்பு வெளியிடச் சொல்லும். அந்த அறிவிப்பில் மகனின் பெயரை அந்தத் தாய் தற்செயலாகப் பார்த்துவிடக் கூடாது; மனு போடும் முன்பே நீங்கள் இருவரும் அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வாசலில் நிற்பதும், ஆண்டில் சில நாள் உடைந்து அழுவதும் நோயல்ல. ஆனால் மகனின் சாப்பாட்டையும் பள்ளியையும் கவனிக்க முடியாத அளவுக்கு நாள் முழுவதும் முடங்குவது, பல வாரம் உறக்கமே இல்லாமல் போவது, அவரோடு நானும் போயிருக்கலாமே என்று பேசுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திருமணப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் உதவி தேவைப்பட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மகனை உங்களை அப்பா என்று அழைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். இப்போது எப்படிக் கூப்பிடுகிறானோ அப்படியே கூப்பிடட்டும்.