ஃபோனில் பேசிய ஆர்டரைச் சுருக்கி எழுதுவது எப்படி?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மேலாளர் வெளிநாட்டு பையருடன் பேசிய பதிவைக் கொடுத்து சுருக்கம் கேட்கிறார். அளவும் தரமும் தேதியும் பேச்சின் நடுவே மாறிக்கொண்டே போகின்றன. எதை எழுதுவது?

பதில்: முதல் தடவை எதுவும் எழுதாமல் முழுவதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை, எண்ணோ தேதியோ வரும் இடத்தில் நிறுத்தி மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எந்த நிமிடம், யார் சொன்னது, அதற்கு எதிராளி என்ன பதில் சொன்னார். பலரும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். ஃபோனில் வரும் "ஓகே, ஓகே" பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான். எதிராளி அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னாலோ, "சரி, அப்படியே அனுப்புங்கள்" என்றாலோதான் அதை ஒப்புக்கொண்டதாக எழுதலாம்.

எள் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலாவது நிமிடத்தில் உங்கள் மேலாளர் சொல்கிறார்: "20 அடி கன்டெய்னருக்கு 19 டன், இரண்டுக்கும் சேர்த்து 38." பையர் "ஓகே" என்று சொல்லிவிட்டுத் தரத்துக்குப் போகிறார். பதினோராவது நிமிடத்தில், "சுமார் 42 டன் கிடைத்தால் நல்லது" என்கிறார். மேலாளர், "பார்க்கலாம்." கடைசியாகக் கேட்டது 42 என்பதால் 42 என்று எழுதத் தோன்றும். ஆனால் இங்கே எதுவுமே முடிவாகவில்லை. "ஏற்றுமதியாளர் சொன்னது 38 மெட்ரிக் டன்; பையர் கேட்டது சுமார் 42; நிலுவை" என்று எழுதுவதுதான் சரி.

அந்த "சுமார்" என்ற சொல்லையும் விடக்கூடாது. பணம் எல்சி வழியாக, அதாவது பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதத்தின் வழியாக வருவதாக இருந்து, அந்த எல்சி யுசிபி 600 என்ற சர்வதேச விதிகளின்படி திறக்கப்பட்டால், அளவுக்கு முன்னால் "சுமார்" இருந்தால் 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். எல்சியில் "சுமார் 42" என்று இருந்தால் 38 டன் ஏற்றினாலும் தப்பில்லை, ஏனென்றால் கீழ் எல்லை 37.8 டன். நீங்கள் வெறும் 42 என்று எழுதி, எல்சியும் அப்படியே திறக்கப்பட்டால், எடையில் குறித்த சரக்குக்கு 5 சதவீதம்தான் சலுகை. கீழ் எல்லை 39.9 டன் ஆகிவிடும், 38 டன்னுக்கான ஆவணங்களை வங்கி திருப்பி அனுப்பலாம். மூட்டை எண்ணிக்கையில் குறித்திருந்தால் அந்த 5 சதவீதமும் கிடையாது.

எண் காதில் சரியாக விழுந்ததா என்பதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பேசும்போது 15, 50 இரண்டும் ஒன்று போலவே கேட்கும். 50 கிலோ மூட்டை என்றால் 38 டன்னுக்கு 760 மூட்டை. பதிவில் மூட்டை எண்ணிக்கை வேறாக வந்தால் அந்த இடத்தை மறுபடி கேளுங்கள்.

தரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் அது குறைந்தபட்சமா, அதிகபட்சமா என்பது வேண்டும். எள்ளில் 99/1 என்றால் சுத்தம் 99 சதவீதம், கலப்பு 1 சதவீதம். ஆனால் "ஈரப்பதம் 6" என்று மட்டும் சொன்னால் அது எல்லையா, வழக்கமாக வரும் அளவா என்று தெரியாது. சோதனை ஏற்றும் துறைமுகத்திலா, இறங்கும் துறைமுகத்திலா என்பதும் பேச்சில் வந்ததா என்று பாருங்கள். வழியில் ஈரம் ஏறினால் தகராறு அங்கேதான் கிளம்பும். "போன தடவை மாதிரியே" என்று சொன்னால் அதையே எழுதி, பழைய ஒப்பந்த எண்ணைப் பக்கத்தில் சேருங்கள். பழைய எண்களை நீங்களாக நிரப்ப வேண்டாம்.

தேதியில் ஏற்றுமதியாளர் "ஆகஸ்ட் நடுவில்" என்கிறார் என்றால் கப்பல் ஏறும் நாளைச் சொல்கிறார். பையர் "செப்டம்பர் முதல் வாரம்" என்கிறார் என்றால் சரக்கு வந்து சேரும் நாளாக இருக்கலாம். இரண்டையும் தனி வரியில், எது எந்த நாள் என்று குறித்து எழுதுங்கள். எல்சியில் ஏற்றும் தேதி என்பது பில் ஆஃப் லேடிங்கில் கப்பலில் ஏறியதாகக் காட்டும் தேதி. யுசிபி 600-இல் மாத நடுப்பகுதி என்றால் 11 முதல் 20 வரை. "15-ஆம் தேதி வாக்கில்" என்றால் முன்னும் பின்னும் ஐந்து நாள், அதாவது 10 முதல் 20 வரை. ஆனாலும் பேசியவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, "கடைசி ஏற்றும் தேதி எது?" என்று கேள்வியாகச் சேர்ப்பதே பாதுகாப்பு.

சுருக்கத்தை "ஒப்புக்கொண்டது", "நிலுவை" என்று இரண்டு பகுதியாக வைத்து முதலில் மேலாளரிடம் காட்டுங்கள். அப்புறம் அன்றே பையருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, நிலுவையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பதில் கேளுங்கள். அவர் பதில் எழுத்தில் வந்த பிறகுதான் புரோஃபார்மா இன்வாய்ஸ் போட வேண்டும்.