பார்சல் சீல் பிரியவில்லை, ஆனால் பேட்ச் நம்பர் பொருந்தவில்லை

கேள்வி: அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டெல்மிசார்டன் 40 பிரஷர் மாத்திரையை ஆன்லைனில் 50 எண்ணம் ஆர்டர் செய்தேன். 15 மாத்திரை கொண்ட மூன்று அட்டைகளும், ஓரம் வெட்டிய 5 மாத்திரைத் துண்டு ஒன்றும் வந்தன. பில்லில் ஒரே பேட்ச் நம்பர்தான் இருக்கிறது. இரண்டு அட்டைகளில் அதே நம்பர், மூன்றாவதில் வேறு நம்பர். அதன் அச்சும் கொஞ்சம் கோணலாக, நிறம் மங்கலாக இருக்கிறது. துண்டில் நம்பரே இல்லை. பார்சல் சீல் பிரியாமல்தான் வந்தது. இது போலி மருந்தா? அப்பாவுக்குக் கொடுக்கலாமா? — மதுரை வாசகி

பதில்: பில்லோடு ஒத்துப்போகும் இரண்டு அட்டைகளில் 30 மாத்திரை இருக்கிறது. அவற்றின் மேல் எழுதியிருக்கும் பெயரை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அவற்றிலிருந்தே கொடுத்து வாருங்கள். சந்தேகத்தில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எழுத்தெழுத்தாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெல்மிசார்டன் மட்டும் உள்ள மாத்திரை ஒன்று, அதனுடன் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது இன்னொன்று, ஆம்லோடிபின் சேர்ந்தது வேறொன்று. ஒரே கம்பெனி மூன்றையும் ஒரே மாதிரி அட்டையில் போடுவதுண்டு. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஹெச்’, ‘ஏஎம்’ என்ற எழுத்துதான் வித்தியாசம். கடைக்காரர் கை தவறி அடுத்த பெட்டியை எடுத்துவிடுவதும் நடக்கிற விஷயம். ஆகவே பிராண்டு பெயரோடு நிற்காமல், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் டாக்டர் சீட்டோடு வைத்துப் பாருங்கள்.

பார்சல் சீலை மறந்துவிடலாம். அது டெலிவரி கம்பெனி ஒட்டிய டேப். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, உள்ளே போட்டது என்ன என்று அதற்குத் தெரியாது. மருந்தின் சீல் மருந்திலேயே இருக்கிறது. மாத்திரை அட்டை என்றால் ஒவ்வொரு குழியின் பின்னாலும் உள்ள ஃபாயில், பாட்டில் என்றால் மூடிக்குக் கீழே ஒட்டிய தாள். அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். ஃபாயிலில் ஊசித்துளை, சுருக்கம், மறுபடி ஒட்டிய தடம் இருந்தால் தெரிந்துவிடும்.

இப்போது அந்த மூன்றாவது அட்டை. அச்சு கோணலாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அட்டையின் படமும் பெயரும் முன்கூட்டியே அச்சாகி வருபவை. பேட்ச் நம்பர், தயாரிப்பு மாதம், காலாவதி மாதம், விலை ஆகியவற்றைத் தொழிற்சாலையில் பேக்கிங் நடக்கும்போது தனியாக அடிப்பார்கள். அதனால் அசல் மருந்திலும் அவை சற்றுச் சாய்ந்தோ வேறு மையிலோ இருக்கும். நிறம் மங்கலுக்கும் அட்டையின் வடிவமைப்பு மாறியது காரணமாக இருக்கலாம். நான் சந்தேகப்படுவது வேறு இடங்களில்: மருந்தின் பெயரில் எழுத்துப் பிழை, விலையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், சுரண்டிய காலாவதி மாதம், தயாரிப்பாளரின் முகவரியோ தயாரிப்பு லைசென்ஸ் எண்ணோ காணாமல் போயிருப்பது.

பேட்ச் நம்பர் வேறாக இருப்பதும் தானாகக் குற்றமில்லை. ஒரே மருந்தின் இரண்டு பேட்சுகள் கடை அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும், இரண்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். ஆனால் அப்படி எடுத்தால் பில்லில் இரண்டு வரி வர வேண்டும்: இந்தப் பேட்சில் இத்தனை, அந்தப் பேட்சில் இத்தனை என்று. உங்கள் பில் 50 மாத்திரையையும் ஒரே பேட்சில் போட்டிருக்கிறது. அப்படியானால் மூன்றாவது அட்டை எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதமே கிடையாது. நாளைக்கு அந்தப் பேட்சைக் கம்பெனி திரும்பப் பெற்றால், ‘நாங்கள் விற்கவில்லை’ என்று கடை கையை விரித்துவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் 2024 ஆகஸ்ட் மாத எச்சரிக்கைப் பட்டியலில், டெல்மா ஹெச் என்ற பிரஷர் மாத்திரையின் ஒரு பேட்ச் போலிகளின் வரிசையில் இருந்தது. ‘அந்தப் பேட்சை நாங்கள் தயாரிக்கவே இல்லை’ என்று லேபிளில் பெயர் இருந்த கம்பெனியே தெரிவித்திருந்தது. இந்த மாதாந்திரப் பட்டியல்கள் cdsco.gov.in தளத்தில் கிடைக்கும். மருந்தின் பெயரோடு பேட்ச் நம்பரும் பொருந்தினால்தான் கணக்கு. அதே பிராண்டின் மற்ற பேட்சுகளுக்கு அது பொருந்தாது. மாதிரி எடுத்துச் சோதித்தவை மட்டுமே அதில் வரும் என்பதால், பட்டியலில் இல்லை என்றால் நல்ல மருந்து என்றும் ஆகிவிடாது.

அதைவிட நேரான வழி, அட்டையில் உள்ள தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேட்ச் நம்பர், தயாரிப்பு மாதம், காலாவதி மாதம் மூன்றையும் புகைப்படத்தோடு அனுப்பி, ‘இது உங்களுடையதா?’ என்று கேட்பது. மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். நம்பர் அசலாக இருந்து காலாவதி மட்டும் மாறியிருந்தால், அதுவே பெரிய துப்பு. க்யூஆர் கோடு இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, திரையில் வரும் பேட்சை அட்டையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்கு மட்டும் இது கட்டாயம், ஆகவே மற்றவற்றில் இல்லாதது குறையல்ல. க்யூஆர் கோடையும் பிரதி எடுக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்து பில்லின் தலைப்பைப் படியுங்கள். பல சமயம் நீங்கள் ஆர்டர் போட்ட ஆப் வெறும் இடைத்தரகர், உண்மையில் விற்றது ஏதோ ஒரு மருந்துக்கடை. அதன் பெயர், முகவரி, மருந்து லைசென்ஸ் எண், மருந்தாளுநர் கையொப்பம் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். சில்லறைக் கடைக்கான லைசென்ஸ் படிவம் 20, 21. 20-பி, 21-பி மட்டும் போட்டிருந்தால் அது மொத்த வியாபாரி, உங்களுக்குச் சில்லறையில் விற்கும் உரிமை அவருக்கு இல்லை. ஜிஎஸ்டி எண்ணை லைசென்ஸ் எண் என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு. அது வரிக்கு, மருந்துக்கு அல்ல.

அந்த 5 மாத்திரைத் துண்டைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, திருப்பி அனுப்புங்கள். வெட்டி விற்கும்போது நம்பரும் காலாவதியும் உள்ள ஓரம் ஒரு பக்கத்தில் மட்டுமே தங்கும். உங்களுக்கு மறுபக்கம் வந்திருக்கிறது. அது எந்தப் பேட்ச், எப்போது காலாவதி என்று உங்களால் சொல்லவே முடியாது.

மூன்றாவது அட்டையை மட்டும் அவசரப்பட்டு டெலிவரி பையனிடம் கொடுத்துவிடாதீர்கள். அட்டையின் இரு பக்கம், பில், பார்சல் மேல் உறை எல்லாவற்றையும் படம் எடுத்து, ஆப்பில் எழுத்தில் புகார் போடுங்கள். திருத்திய பில்லோ மாற்று அட்டையோ கேளுங்கள். ‘எங்கள் பேட்சுதான்’ என்று கம்பெனி சொல்லி, கடையும் பில்லைத் திருத்திக் கொடுத்தால் சரி, பயன்படுத்தலாம். ‘எங்களுடையது இல்லை’ என்று கம்பெனி சொன்னால் அட்டை உங்களிடமே இருக்கட்டும். உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகாரோடு கொடுங்கள், திருப்பி அனுப்பிவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும். பணம் திரும்ப வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வாங்கிய நீங்களே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கவும் முடியும். அதற்கு மாத்திரைகளைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.