மெகாமிங்ஸ்: 3x3 அல்காரிதம் எங்கே பலிக்கும், எங்கே திருத்த வேண்டும்

*"3x3 க்யூப் சேர்க்கத் தெரியும். இப்போது 12 முகம் உள்ள மெகாமிங்ஸ் வாங்கியிருக்கிறேன். கடைசி லேயர் வரை எப்படியோ வந்துவிடுகிறேன். அங்கே தெரிந்த அல்காரிதத்தைப் போட்டால் கீழே முடித்தது கலைகிறது. எல்லாவற்றையும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டுமா?"*

வேண்டாம். உங்களிடம் இருக்கும் அல்காரிதங்களில் சில அப்படியே ஓடும், சிலவற்றில் U திருப்பங்களை மட்டும் மாற்றினால் போதும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் சிக்கல் தீர்ந்தது.

கடைசி லேயருக்கு முன்னால் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெகாமிங்ஸில் நகரும் துண்டுகள் 50: 30 எட்ஜ், 20 கார்னர். கடைசி முகத்தில் இருப்பவை 10 மட்டுமே. மீதி 40-ம் நீங்கள் 3x3-ல் செய்யும் அதே வேலைதான். வெள்ளையில் சிலுவைக்குப் பதில் ஐந்து கால் நட்சத்திரம், பிறகு கார்னரையும் எட்ஜையும் ஜோடி சேர்த்து ஸ்லாட்டில் இறக்குவது. நடுப்பகுதியில் எந்த ஸ்லாட்டை நிரப்புகிறீர்களோ, அதற்கு மேலே இன்னும் முடியாமல் இருக்கும் முகத்தை U என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி இடம் நிறைய இருப்பதால் 3x3-ஐ விட இது சுலபம்.

இனி கடைசி லேயர். வெள்ளை கீழே, அதற்கு எதிரில் இருக்கும் சாம்பல் மேலே. மேல் முகத்தைச் சுற்றி ஐந்து முகங்கள்: முன்னால் F, வலது R, இடது L, பின்னால் வலப்பின், இடப்பின் என்று இரண்டு.

முதலில் எட்ஜ்களின் சாம்பல் நிறத்தை மேலே கொண்டுவருவோம். இதற்கு உங்களுக்குத் தெரிந்ததே போதும்:

```
F R U R' U' F'
```

இது ஏன் அப்படியே ஓடுகிறது? க்யூபிலும் சரி, மெகாமிங்ஸிலும் சரி, ஒரு கார்னரில் சந்திப்பவை மூன்று முகங்கள்தான். இந்த அல்காரிதம் அந்த மூன்று முகங்களையும் ஒவ்வொரு படி மட்டுமே திருப்புகிறது. மற்ற முகங்கள் எத்தனை என்பது அதற்குத் தேவையே இல்லை.

புரண்டு கிடக்கும் எட்ஜ்கள் எப்போதும் 0, 2 அல்லது 4. இரண்டு என்றால் இரண்டே நிலைதான். நடுவில் ஒரு நல்ல எட்ஜ் இருந்தால் அந்த நல்லதை R பக்கம் வைத்து ஒருமுறை செய்யுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவற்றை F, R இடங்களில் வைத்து, பொம்மையைத் திருப்பாமல் அடுத்தடுத்து இருமுறை. நான்கு புரண்டிருந்தால் நல்லதை இடப்பின் பக்கம் வைத்து ஒருமுறை செய்யுங்கள். மேலே சொன்ன முதல் நிலை வந்து நிற்கும்.

அடுத்து எட்ஜ்களை அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோக சூன். உங்களுக்குக் கலைவது பெரும்பாலும் இங்கேதான். 3x3-ல் U2 என்றால் அரைச்சுற்று, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். ஐங்கோணத்தில் ஒரு படி 72 டிகிரி. வலஞ்சுழியாக இரண்டு படி வேறு, இடஞ்சுழியாக இரண்டு படி வேறு. சூனில் வேண்டியது இடஞ்சுழி:

```
R U R' U R U2' R'
```

FR ஸ்லாட்டில் இருக்கும் எட்ஜை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். முதல் R-ல் அது மேலே வலப்பக்கம் ஏறுகிறது. U அதை முன்னால் கொண்டுபோகிறது, அடுத்த U இடப்பக்கம். இப்போது அது கடைசி R'-ல் வீடு திரும்ப வேண்டுமென்றால், வந்த வழியே இரண்டு படி பின்னால் போய் வலப்பக்கம் நிற்க வேண்டும். அதுதான் U2'. வலஞ்சுழியாக U2 போட்டால் அது வலப்பின் பக்கம் போய் நின்றுவிடும், R' வெறுமனே திரும்பும், முடித்த ஜோடி உடையும். 3x3-ல் இரண்டு வழியும் ஒரே இடத்தில் முடிவதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை.

இந்த சூன் முன், இடது எட்ஜ்களைத் தொடாது. வலது, வலப்பின், இடப்பின் மூன்றையும் சுழற்றும். அதனால் U-வைத் திருப்பி, பக்கத்துப் பக்கத்தில் சரியாக இருக்கும் இரண்டு எட்ஜ்களைத் தேடி அவற்றை முன்னும் இடதுமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறையோ இருமுறையோ செய்தால் ஐந்தும் சரியாகிவிடும். அப்படி ஒரு ஜோடி கிடைக்காவிட்டால் எங்கிருந்தாவது ஒன்றிரண்டு முறை செய்துவிட்டுத் தேடுங்கள், கிடைக்கும்.

மூன்றாவது, கார்னர்களை இடம் மாற்றுவது. 3x3-ல் பலரும் போடும் நிக்லஸ் `R U' L' U R' U' L U`. இதை மெகாமிங்ஸில் போட்டுப் பாருங்கள், எதுவுமே நடக்காது! எல்லாத் துண்டும் இருந்த இடத்துக்கே வந்துவிடும். காரணம் அழகானது. இந்த அல்காரிதம் வேலை செய்ய R தொடும் கார்னர்களும், U' வழியாக L தொடும் கார்னர்களும் ஒரே ஒரு கார்னரில் மோத வேண்டும். சதுரத்தில் ஒரு படி நகர்த்தினால் மோதுகின்றன. ஐங்கோணத்தில் பின்பக்கம் ஒரு படி கூடுதலாக இருப்பதால் அவை சந்திப்பதே இல்லை. எனவே இரண்டு படி:

```
R U2' L' U2 R' U2' L U2
```

இப்போது L முகத்தின் இரண்டு மேல் கார்னர்களும் நகராமல் இருக்கும், மற்ற மூன்றும் சுழலும். சரியான இரண்டு கார்னர் பக்கத்தில் இருந்தால் அவற்றை இடப்பக்கம் வையுங்கள். இங்கே நிறம் மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், இடம் சரியானால் போதும்.

கடைசியாக, கார்னர்களை அதே இடத்தில் திருகுவது. `R' D' R D` அப்படியே ஓடும். ஆனால் D என்பது அடியில் இருக்கும் வெள்ளை அல்ல. F-உம் R-உம் கீழே முடியும் கார்னரில் மூன்றாவதாக ஒரு முகம் சேருமே, அதுதான் D. திருக வேண்டிய கார்னரை முன்-வலது மூலையில் வைத்து, சாம்பல் மேலே வரும்வரை இரண்டு அல்லது நான்கு முறை செய்யுங்கள். பிறகு U-வை மட்டும் திருப்பி அடுத்த கார்னரை அங்கே கொண்டுவாருங்கள். நடுவில் கீழ்ப்பகுதி கலைந்த மாதிரி தெரியும். பயந்து நிறுத்தினால்தான் கெடும், கடைசிக் கார்னர் முடியும்போது எல்லாம் திரும்ப வந்துவிடும்.

3x3-ல் இரண்டு எட்ஜும் இரண்டு கார்னரும் மட்டும் மாறி நிற்கும் நிலைகளுக்கென்று T, J என்று படித்திருப்பீர்கள். அவை இங்கே தேவையே இல்லை. க்யூபில் ஒரு முகத்தைத் திருப்பினால் நான்கு துண்டு சுழலும், அது ஒற்றைப்படை மாற்றம். இங்கே சுழல்வது ஐந்து, அது எப்போதும் இரட்டைப்படை மாற்றம். எனவே இரண்டே எட்ஜ் மட்டும் மாறி நிற்பது நடக்காத காரியம். அப்படித் தெரிந்தால் முதலில் ஒத்த நிறங்களைக் குழப்பிக்கொண்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் யாரோ துண்டுகளைக் கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள். எதிரெதிர் முகங்களுக்கு ஒரே நிறம் கொடுத்த ஆறு நிற மெகாமிங்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எட்ஜ்கள் இரண்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அவற்றைக் கண்டுபிடித்து மாற்றிக்கொண்டால் கடைசி லேயர் சரியாகிவிடும்.