சான்றிதழ் எண்ணும் கல்லில் உள்ள எண்ணும் ஒன்றா?

"கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு வைர மோதிரம் பார்த்தேன். சான்றிதழ் படத்தில் இருக்கும் எண்தான் கல்லிலும் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?"

எண் கல்லின் மேல்முகத்தில் இருக்காது அக்கா. கல்லின் இடுப்புபோல் சுற்றி ஓடும் மெல்லிய விளிம்பில், கர்டிலில், லேசரால் பொறித்திருப்பார்கள். முதலில் கல்லைத் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எழுத்து மங்கிவிடும். பிறகு 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மோதிரத்தைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்புங்கள். 20 மடங்கு என்றால் இன்னும் சுலபம். கல்லைப் பிடித்திருக்கும் கம்பிக்கு அடியிலும் எண் ஒளிந்திருக்கலாம்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது. இயற்கை வைரத்தின் சான்றிதழ் எண்ணை ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தில் பொறித்து ஏமாற்றியதை, வைரங்களுக்குச் சான்றிதழ் தரும் ஜிஐஏ ஆய்வகமே கண்டுபிடித்திருக்கிறது. எழுத்தின் வடிவம் அந்த ஆய்வகம் வழக்கமாகப் பொறிக்கும் எழுத்திலிருந்து வேறுபட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

என் தங்கைக்குப் பார்த்த கல்லில் எண் அச்சாகப் பொருந்தியது. சான்றிதழில் விட்டம் 6.44 முதல் 6.47 மில்லிமீட்டர், கடைக்காரர் கேஜ் வைத்தபோது 6.58 காட்டியது. வெட்டிய வைரம் வளராது. வாங்காமல் வந்துவிட்டோம். சான்றிதழில் குறைகளின் வரைபடம் இருந்தால், அதே இடத்தில் அதே புள்ளி கல்லில் தெரிகிறதா என்றும் பாருங்கள். விட்டமும் குறைகளும் பொருந்தினாலும், இயற்கைக் கல்லா என்பதை ஆய்வகக் கருவிதான் சொல்லும்.