சிங்கப்பூர் மழையில் பட்டுப்புடவை: உறை மட்டும் போதாது

"அக்கா, ஆகஸ்ட்ல சிங்கப்பூர் வந்தோம். நாலு பட்டுப்புடவை கொண்டு வந்தேன். கடை கவரோடவே பெட்ரூம் அலமாரில இருக்கு. டிசம்பர் மழைல புடவை பூசணம் பிடிக்கும்னு பயமுறுத்தறாங்க. காத்து போற மாதிரி துணி உறை வாங்கிட்டா போதுமா?"

அந்தக் கடை கவரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆனால் துணி உறை மட்டும் போதாது, தங்கச்சி. என் கூறைப்புடவை கெட்டதற்குக் கவர் பாதிக் காரணம். மீதிக் காரணம் அலமாரி நின்ற இடமும் ஏர்கான் பழக்கமும்.

மாம்பழ நிற உடல், அரக்கு பார்டர், கோர்வை நெசவு. இங்கே வந்த முதல் டிசம்பரில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, அலமாரியின் பின்பலகையை ஒட்டி அடுக்கினேன். பொங்கலுக்கு எடுத்தபோது மக்கிய வாடை வந்தது. மடிப்பின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை, அதன் விளிம்பில் கோடு போட்டது மாதிரி அரக்குச் சாயம். ஈரம் பட்ட இடத்தில் பார்டரின் சாயம் கசிந்து மஞ்சளில் இறங்கியிருந்தது. நான் பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன், கோடு இன்னும் அகலமானது. டிரைகிளீனிங்கில் வாடை போனது, சாயக்கோடு போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் கொசுவத்துக்குள் மறைகிற மாதிரிதான் உடுத்துகிறேன்.

கூரை ஒழுகவில்லை, ஜன்னல் வழியாகச் சாரலும் வரவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது ஈரம்? எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. இங்கே மழை இல்லாத நாளிலேயே விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் விடாமல் பெய்தால் அந்த இறக்கமும் இருக்காது. நாங்கள் இரவு முழுக்க ஏர்கானை 23-ல் வைத்துத் தூங்குவோம். காலை ஆறு மணிக்கு அணைத்துவிட்டு, ஊர்ப் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்துவிடுவேன். வெளியே 26 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விட ஆரம்பிக்கும். சுவரும் அலமாரியும் 23, 24-ல் சில்லென்று இருக்கின்றன. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அதேதான் அலமாரியின் பின்பலகையிலும் நடந்தது. அதுவும் தினமும். பிளாஸ்டிக் கவரின் ஜிப் இடுக்கு வழியாக ஈரக்காற்று மெல்ல உள்ளே போகும், ஆனால் உள்ளே படிந்த நீர் உலர வழி இருக்காது.

துணி உறையின் வேலையும் வரம்பும் இதில்தான் இருக்கிறது. அது ஈரத்தைத் தேங்கவிடாது, ஆனால் ஈரம் வருவதைத் தடுக்கவும் தடுக்காது. அலமாரி ஈரமாக இருந்தால் உறைக்குள்ளும் அதே ஈரம்தான்.

அதனால் முதலில் ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள், பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். அதை அறையில் வைக்காமல் புடவை அடுக்குக்கு நடுவில் வையுங்கள். என் அலமாரியில் முதலில் 82 காட்டியது. 65, 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும். 50-லிருந்து 60-க்குள் இருந்தால் பட்டுக்கு நல்லது. நான் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தேன். புடவைகளைப் பின்பலகையில் படாத நடுத்தட்டுக்கு மாற்றினேன். காலையில் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலமாரிக் கதவை ஒரு மணி நேரம் திறந்து வைப்பேன், அப்போது அறைக்காற்று உலர்ந்திருக்கும். கதவை மூடிய பிறகுதான் ஏர்கானை அணைப்பேன். ஜன்னலை உடனே திறக்காமல், அறை சூடேறட்டும் என்று ஒரு மணி நேரம் விடுவேன். இவ்வளவிலேயே 82 என்பது 68-க்கு வந்தது. அடைமழை வாரங்களில் மட்டும் ஈரம் உறிஞ்சும் மின்கருவியை அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அறையை மூடி, இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுகிறேன். இப்போது 58, 60-ல் நிற்கிறது.

கடைகளில் தொங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களும் உதவும், ஆனால் அவற்றைத் தரைத்தட்டில் மட்டும் வையுங்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. அது ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகத் தேங்கும். புடவைக்கு மேல் தட்டில் வைத்து அது கவிழ்ந்தால், பட்டும் போகும், ஜரிகையும் போகும். அப்புறம், புது வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், எல்லோரும் ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறார்களே, இரும்புக் கதவு போட்ட கான்கிரீட் பாதுகாப்பறை, அங்கே புடவைப் பெட்டியை வைக்கவே வேண்டாம். காற்றோட்டம் மிகக் குறைவு.

சரி, உறைக்கு வருகிறேன். 'காற்றோட்டமானது' என்று விற்கும் பைகள் பலவற்றில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இருக்கும், அந்தப் பக்கம் காற்றே போகாது. அதற்குச் செலவு செய்யாதீர்கள். அப்பாவுடைய பழைய வெள்ளை வேட்டி இருந்தால் அதைவிட நல்ல உறை இல்லை. புது மல் துணி என்றால் இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசுங்கள், ஏனென்றால் அதிலுள்ள கஞ்சிதான் பூசணத்துக்குச் சாப்பாடு. நன்றாகக் காய்ந்த பிறகே பயன்படுத்துங்கள். சாயத்துணி வேண்டாம். ஒரு புடவைக்கு ஒரு துணி. ஜரிகை பட்டில் உரசாதபடி மடிப்புகளுக்கு நடுவிலும் ஒரு துண்டு வையுங்கள். கடை அட்டைப்பெட்டியையும் கழித்துவிடுங்கள், அட்டை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது. பூச்சிக்குக் கிராம்பு ஓரளவு உதவும், சிறு துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள்.

உடுத்திய புடவையை அன்றிரவே மடிக்காதீர்கள். வியர்வை உலர, ஏர்கான் அறையில் அல்லது ஃபேன் காற்றில் ஓர் இரவு கொடியில் கிடக்கட்டும். பிப்ரவரியில் பொதுவாக மழை குறையும். அப்போது ஒரு காய்ந்த பிற்பகலில், வெயில் நேரடியாகப் படாத இடத்தில் எல்லாப் புடவையையும் விரித்து, பழைய மடிப்புக் கோட்டை மாற்றி மடியுங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒரு தரம் உறையைப் பிரித்து மோந்து பாருங்கள். பூசணம் கண்ணுக்குத் தெரியும் முன்னே வாடையில் தெரியும்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு புடவையில் மாவு தூவினது மாதிரி வெள்ளைப்புள்ளி தெரிந்தால், அதை மற்றதிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். சூடு பட்டால் கறை இறுகிப்போகும். ஏர்கான் அறையில் ஒரு நாள் உலரவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு காரிடாரில் வைத்து மெல்லிய பிரஷால் தட்டினால் புதுப் பூசணம் உதிர்ந்துவிடும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஊறிய புள்ளி, சாயம் இறங்கிய கோடு, இவை இரண்டிலும் நீங்கள் கை வைக்காதீர்கள். பட்டு வெளுக்கத் தெரிந்தவரிடம், எத்தனை நாளாக இருக்கிறது, அதன்மேல் என்ன போட்டீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.