பாய்க்குத் திரும்பிவிடலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. சிறு வயதிலிருந்தே கோரைப்பாயில்தான் படுத்துப் பழக்கம். முழங்கால் வலிக்கு நல்லது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் மகன் கட்டிலும் தடித்த ஃபோம் மெத்தையும் வாங்கிப் போட்டான். இப்போது விடியற்காலையில் இடுப்பு வலிக்கிறது. தரையில் படுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பாய்க்கே திரும்பிவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. கட்டில் இருக்கட்டும், மெத்தையை மட்டும் மாற்றிப் பாருங்கள். படுக்கும் பரப்பு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வேறொன்று. உங்கள் இடுப்பு கேட்பது பாயின் உறுதியை. முழங்கால் கேட்பது கட்டிலின் உயரத்தை. இரண்டையும் சேர்த்தே கொடுக்க முடியும்.

தடித்த, மென்மையான ஃபோமில் மல்லாந்து படுத்தால், உடலில் கனம் மிகுந்த பகுதியான இடுப்பு முதலில் அமிழ்ந்துவிடும். இரவு முழுவதும் முதுகெலும்பு வளைந்தபடியே கிடக்கும். மெத்தை அமுங்கிவிட்டதா என்பதை அறிய, விரிப்பை எடுத்துவிட்டு, நேரான துடைப்பக் கம்பு ஒன்றை மெத்தையின் குறுக்கே வைத்துப் பாருங்கள். நீங்கள் படுக்கும் இடத்தில் கம்புக்கும் மெத்தைக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால், அந்த மெத்தையின் காலம் முடிந்தது என்றே கொள்ளலாம்.

அதற்காகக் கல்போன்ற பரப்புதான் நல்லது என்பதும் சரியல்ல. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடத்தப்பட்டு, 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. நீங்கள் எப்படிப் படுப்பீர்கள் என்று எழுதவில்லை. மல்லாந்து படுப்பவருக்கு உறுதியான பரப்பு பெரும்பாலும் ஒத்துவரும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு இன்னும் தளரும். ஒருக்களித்துப் படுப்பவருக்கோ, உடலின் பாரம் முழுவதும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குவதால், தரையில் அந்த இடங்கள் மரத்துப்போகும். அவருக்குச் சற்றே அமுங்கிக்கொடுக்கும் மெத்தை அவசியம்.

இனி உயரம். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக உயர்ந்திருப்பது அதனால்தான். விறைப்பாக இருக்கும் அந்த இடைத்தட்டுகளின் மீது, எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முன்னால் குனியும்போது கூடுதல் அழுத்தம் விழுகிறது. பாயிலிருந்து எழுபவர் கண் விழித்ததும் செய்யும் முதல் வேலையே இடுப்பை மடக்கி முழங்காலை ஊன்றுவதுதான். முப்பது வயதில் உடல் இதைப் பொருட்படுத்தாது. முழங்கால் தேய்ந்தவரோ காலை விட்டுவிட்டு இடுப்பால் எம்பி எழுவார். வலி அங்கே குடியேறும்.

ஆகவே, கட்டிலின் மேல் பலகை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சட்டங்கள் இடைவெளியோடு இருந்தால் ஒரு பிளைவுட் பலகை போட்டு, அதன் மேல் நன்றாக அடித்த இரண்டு அல்லது மூன்று அங்குல இலவம்பஞ்சு மெத்தையை விரியுங்கள். ஒருக்களித்துப் படுப்பவரானால் நான்கு அங்குலத் தேங்காய்நார் மெத்தையின் மேல் ஒரு மெல்லிய பஞ்சு மெத்தை போதும். இவற்றின் மேல் உங்கள் கோரைப்பாயையே விரித்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காது. பஞ்சு கட்டிதட்டினால் மறுபடி அடிக்கக் கொடுங்கள். ‘ஆர்த்தோ’ என்று எழுதியிருப்பதற்காக மட்டும் எந்த மெத்தைக்கும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மெத்தையை மாற்றியதும் உயரம் குறையும் என்பதால், விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். பாதம் முழுவதும் தரையில் படிந்து, தொடை கிடைமட்டமாகவோ முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்தோ இருக்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் கட்டில் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்துங்கள்.

மூன்று வாரத்தில் காலை வலி குறைகிறதா என்று கவனியுங்கள். குறையாவிட்டாலும், வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலும் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

மதியம் சற்று நேரம் பாயில் சாய்வதை விட வேண்டியதில்லை. எழும்போது நேராக எம்பாமல், ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, மண்டியிட்டு, வலி குறைந்த காலை முன்னால் வைத்து, பக்கத்தில் போட்ட கனமான நாற்காலியைப் பிடித்து எழுந்திருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி சரியும். அதை நம்ப வேண்டாம்.