விற்பனைப் பதிவேட்டுக்கும் GSTR-1-க்கும் வித்தியாசமா? எந்த பில் என்று பிடிப்பது எப்படி?

கோவையில் மோட்டார் பாகங்கள் மொத்த வியாபாரம். வாங்குவோர் எல்லோரும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், இ-இன்வாய்ஸ் போடுகிறோம். போன மாதம் டேலியில் விற்பனை (வரி நீங்கலாக) 64,26,800 ரூபாய். தாக்கல் செய்த GSTR-1-இல் 64,58,300. வித்தியாசம் 31,500. அந்தத் தொகைக்கு ஒரு பில்லும் இல்லை. GSTR-3B இன்னும் போடவில்லை.

31,500-ஐத் தேடாதீர்கள். அது கூட்டியும் கழித்தும் வந்த மிச்சம். பதிவேட்டை ஒரு ஷீட்டிலும், போர்ட்டலில் இறக்கிய GSTR-1-ஐ `Portal` என்ற ஷீட்டிலும் வைத்து, பில் நம்பர் வாரியாக ஒப்பிடுங்கள். பதிவேட்டில் A பில் நம்பர், C வரிக்குட்பட்ட மதிப்பு. `Portal`-இல் B நம்பர், F மதிப்பு என்றால்:

```
=SUMIFS(Portal!F:F,Portal!B:B,A2)-C2
```

பூஜ்யம் வராத வரிகளை மட்டும் பாருங்கள். பிறகு இதையே `Portal` பக்கத்திலிருந்து தலைகீழாகவும் போடுங்கள். இல்லையென்றால் GSTR-1-இல் இருந்து பதிவேட்டில் இல்லாத பில் கண்ணில் படாது. கிரெடிட் நோட்டுகள் போர்ட்டலில் தனிப்பட்டியலாக, மைனஸ் குறி இல்லாமல் வரும். குறியை மாற்றிச் சேர்க்காவிட்டால் அந்தத் தொகையைப்போல் இரு மடங்கு வித்தியாசம் காட்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியல்களில் நான்கு வரிகள் நின்றன. பில் 127-இல் 4,500 ரூபாய் லாரி வாடகை. டேலியில் விற்பனைக் கணக்கில் சேராமல் வாடகைக் கணக்குக்குப் போயிருக்கிறது. பில் 214, 22,000 ரூபாய்: ஆர்டர் ரத்தானதும் டேலியில் அழித்துவிட்டார்கள், ஆனால் ஐஆர்என் உயிரோடு இருப்பதால் GSTR-1-க்குத் தானாகப் போய்விட்டது. 21,000 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட்; ஐஆர்என் எடுக்காததால் பதிவேட்டில் மட்டும் கழிந்திருக்கிறது. பில் 219, 16,000 ரூபாய். இதற்கும் ஐஆர்என் இல்லை, GSTR-1-இல் வரவே இல்லை. 4,500 + 22,000 + 21,000 − 16,000 = 31,500.

வாடகையில் திருத்த எதுவும் இல்லை. சரக்கோடு சேர்த்து பில் போட்ட வாடகைக்கும் வரி உண்டு, GSTR-1 சரியாகவே இருக்கிறது. 219-க்கும் கிரெடிட் நோட்டுக்கும் இப்போது ஐஆர்என் எடுத்து, 3B போடும் முன் GSTR-1A-இல் சேருங்கள். அது மாதத்துக்கு ஒரு முறைதான் தாக்கல் செய்ய முடியும், ஆகவே இரண்டையும் ஒன்றாகவே போடுங்கள். 214-இன் ஐஆர்என்னை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அது போய்விட்டது. அழித்த பில்லை டேலியில் மறுபடி ஏற்றி, இந்த மாதத் தேதியில் கிரெடிட் நோட் போடுங்கள். அதன் வரி அடுத்த 3B-இல் குறையும்.

இவ்வளவும் செய்தபின் பதிவேடு 64,48,800, GSTR-1-உம் 1A-உம் சேர்த்து 64,53,300. மிச்சம் 4,500, அந்த லாரி வாடகைதான். இந்த மிச்சத்தை ஒரு தாளில் எழுதி மாதக் கோப்பில் வையுங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது யாரும் பில் 127-ஐ நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பில் வாரியாக ஒப்பிட்டால் சில பில்கள் GSTR-1-இல் இரு மடங்காகத் தெரிகின்றன. இரண்டு முறை ஏறிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஒரே பில்லில் 5 சதவீதச் சரக்கும் 18 சதவீதச் சரக்கும் இருந்தால், வரி விகிதத்துக்கு ஒரு வரிசையாக இரண்டு வரிசைகள் வரும், இரண்டிலும் பில்லின் முழுத் தொகை அச்சாகியிருக்கும். நீங்கள் அந்தத் தொகையைக் கூட்டியிருக்கிறீர்கள். வரிக்குட்பட்ட மதிப்பு உள்ள பத்தியை மட்டும் கூட்டுங்கள். பில் நம்பர்களில் முன்பின் இடைவெளி இருந்தாலும், `SI/045` ஓரிடத்தில் `SI/45` என்று இருந்தாலும் பொருந்தாது. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். பதிவு இல்லாத சில்லறை வாடிக்கையாளர்களின் பில்கள் பெரும்பாலும் 7-ஆம் அட்டவணையில் மொத்தமாகவே போகும். அங்கே விகிதவாரி மொத்தத்தைத்தான் ஒப்பிட முடியும்.

மொத்த வரி சரியாக இருக்கிறது. ஐஜிஎஸ்டி மட்டும் 5,400 குறைவு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 2,700 கூடுதல்.

18 சதவீதச் சரக்கு மட்டும் என்றால் 5,400-ஐ 0.18-ஆல் வகுங்கள்: 30,000. அந்த மதிப்புள்ள வெளிமாநில பில்லில் சப்ளை இடம் தமிழ்நாடு என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்காத பில்களை மட்டும் வடிகட்டி, உள்மாநில வரி போட்டவற்றைக் கூட்டுங்கள். 3B போட்ட பிறகு தெரிந்தால் ஐஜிஎஸ்டியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். இப்படித் தலைப்பு மாறியதற்கு வட்டி கிடையாது. GSTR-1-இல் அந்த பில்லை 9A அட்டவணையில் திருத்த மறக்காதீர்கள்.

3B-ஐவிட GSTR-1-இல் வரி கூடுதல் என்று DRC-01B வந்திருக்கிறது. ஆகஸ்ட் பில் ஒன்றைச் செப்டம்பர் GSTR-1-இல் காட்டினோம். வரியை ஆகஸ்ட் 3B-இலேயே கட்டிவிட்டோம்.

அப்படியென்றால் மறுபடி கட்ட வேண்டாம், ஆனால் 7 நாளுக்குள் பதில் போட வேண்டும். விடுபட்டால் அடுத்த மாத GSTR-1-ஐத் தாக்கல் செய்ய விடாது. பதிலில் பில் நம்பர், தேதி, வரித்தொகை, ஆகஸ்ட் 3B-இல் அதைச் சேர்த்த விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். "நேர வித்தியாசம்" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்கு எந்த பில் என்று தெரியாது.